வெயில் போன பிறகு குளிக்கிறவர்கள்: ஹாஸ்டல் சோலார் வாட்டர் ஹீட்டரின் அளவுக் கணக்கு

ஹாஸ்டலுக்கு சோலார் வாட்டர் ஹீட்டர் என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை லிட்டர் போடணும்?" என்றுதான். 120 பேர், ஆளுக்கு 20 லிட்டர், ஆக 2,400 லிட்டர் என்று யாராவது உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்த ஒரே எண்ணை வைத்து பேனல், டேங்க், கரண்ட் ஹீட்டர் மூன்றையும் வாங்கிவிடுவதும் உண்டு. அப்படிப் போட்ட இடங்களில் மதியம் டேங்க் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுடும். காலை ஏழு மணிக்குக் கடைசியாகக் குளிக்கப் போகிறவருக்கோ பச்சைத் தண்ணீர்தான் வரும்.

ஹாஸ்டலில் பிரச்சினையே நேரம்தான். காலை எட்டு மணிக்கு மேல்தான் பேனலில் வெயில் உருப்படியாக விழும். மாலை நாலு மணிக்கு மேல் அதனால் பெரிய பயன் இல்லை. ஹாஸ்டலில் பெரும்பாலானோர் குளிப்பது காலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் நடுவில். மிச்சப் பேர் விளையாடிவிட்டோ வேலை முடித்தோ வந்து, இரவு ஏழு மணிக்கு மேல் குளிப்பார்கள். ஆக, வெந்நீர் உருவாகிற நேரத்தில் யாரும் குளிப்பதில்லை. குளிக்கிற நேரத்தில் ஒரு சொட்டு வெந்நீரும் உருவாவதில்லை. பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் எடுக்கிற இடங்களில் டேங்க் காலியாகக் காலியாக வெயில் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஹாஸ்டலில் அந்த வசதி கிடையாது. சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் காலை கடைசி ஆள் துண்டை எடுக்கும் வரை, பகலில் சேர்த்து வைத்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இதனால் "எத்தனை லிட்டர்" என்பது உண்மையில் மூன்று தனித்தனிக் கேள்விகளாகப் பிரிகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்பது பேனலின் பரப்பைத் தீர்மானிக்கும். வெயில் இல்லாத நேரத்தில் மொத்தம் எவ்வளவு வெந்நீர் வெளியே போகும் என்பது டேங்கைத் தீர்மானிக்கும். மழை நாளில் அந்தத் தண்ணீரைச் சூடாக்க எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்பது துணை ஹீட்டரைத் தீர்மானிக்கும். 120 படுக்கை உள்ள ஒரு ஹாஸ்டலை எடுத்துக்கொண்டு இந்த மூன்றையும் போட்டுப் பார்ப்போம்.

லிட்டரோடு டிகிரியும் வேண்டும்

ஆளுக்கு 20 லிட்டர் என்று சொன்னால், எத்தனை டிகிரியில் 20 லிட்டர் என்று திருப்பிக் கேட்க வேண்டும். டேங்கில் 60 டிகிரியில் இருக்கிற தண்ணீரை யாரும் அப்படியே மேலே ஊற்றிக்கொள்ள முடியாது, தோல் வெந்துவிடும். பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்துதான் குளிக்கிறோம். அதனால் முதலில் அளக்க வேண்டியது உடம்பில் விழுகிற 40 டிகிரித் தண்ணீரை. டேங்கிலிருந்து எவ்வளவு போகிறது என்பதை அதிலிருந்து பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அளப்பது சுலபம். ஷவருக்குக் கீழே 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். 75 நொடி ஆனால் நிமிடத்துக்கு 8 லிட்டர். ஒருவர் நாலரை நிமிடம் ஷவரைத் திறந்து வைத்தால் 36 லிட்டர். 20 லிட்டர் வாளியில் குளிக்கிறவர்கள் ஒன்றரை வாளி எடுத்தால் 30 லிட்டருக்குப் பக்கத்தில் வரும். நம் ஹாஸ்டலில் சராசரி 35 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் எப்போது குளிக்கிறார்கள் என்பதை குளியலறை வாசலில் ஒரு வாரம் ஆள் வைத்து எண்ணிவிடுவது நல்லது. படுக்கை எண்ணிக்கையை அப்படியே குளியல் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்குப் போனவர்கள் இருப்பார்கள், பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவர்கள் இருப்பார்கள், இரண்டு வேளை குளிக்கிறவர்களும் இருப்பார்கள். இங்கே காலையில் 85 குளியல், இரவில் 25, ஆக 110 என்று கொள்வோம். 35 லிட்டர் வீதம் 3,850 லிட்டர் ஆகிறது, 40 டிகிரியில்.

அடுத்தது பச்சைத் தண்ணீரின் வெப்பநிலை. வருடச் சராசரியை எடுத்துக்கொண்டால் குளிர்காலத்தில் கணக்கு உதைக்கும். மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் கிடந்து குளிர்ந்த தண்ணீர், காலை ஆறு மணிக்குக் குழாயில் எத்தனை டிகிரியில் வருகிறது என்பதுதான் வேண்டும். வருடத்தின் குளிரான மாதத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் கணக்கில் அது 22 டிகிரி.

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. லிட்டரை, ஏற்ற வேண்டிய டிகிரியால் பெருக்கி, 860-ஆல் வகுத்தால் தேவையான வெப்பம் யூனிட்டில், அதாவது கிலோவாட்-மணியில், கிடைத்துவிடும். 3,850 லிட்டர், 22-லிருந்து 40-க்கு 18 டிகிரி. பெருக்கி வகுத்தால் 80.6 யூனிட். டேங்கை 50 டிகிரியில் வைத்தாலும் 70 டிகிரியில் வைத்தாலும் இந்த 80 யூனிட் மாறாது, ஏனென்றால் உடம்பில் விழுவது அதே 40 டிகிரித் தண்ணீர்தான்.

மாறுவது டேங்கிலிருந்து எடுக்கிற லிட்டர். டேங்க் 60 டிகிரியில் இருந்தால் 22-லிருந்து அது 38 டிகிரி மேலே, நமக்கு வேண்டியது 18 டிகிரி மட்டும். ஆகவே கலவையில் வெந்நீரின் பங்கு 38-க்கு 18, அதாவது 47 சதவீதம். ஆக 1,825 லிட்டர் எடுத்தால் போதும். டேங்க் 50 டிகிரிக்குத்தான் ஏறியிருக்கிறது என்றால் அதே குளியலுக்கு 2,475 லிட்டர் வேண்டும். மேகமூட்டமான நாளில் "டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கே, ஏன் பாதிப் பேருக்குத்தான் வந்தது?" என்று கேட்பதற்கு இதுதான் பதில். சூடு குறைந்த தண்ணீரை ஒவ்வொருவரும் கூடுதலாகத் திறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

டேங்கையும் பேனலையும் பற்றிப் பேசும் முன் ஷவரையே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடுகிற ஷவரில் 6 லிட்டருக்குக் கட்டுப்படுத்தும் சின்ன வளையத்தைப் போட்டால், ஷவர் பங்கில் கால்வாசி குறைந்துவிடும். எல்லோரும் ஷவரில்தான் குளிக்கிறார்கள் என்றால் 80 யூனிட் 60 ஆகிறது. அது நாலைந்து பேனலுக்குச் சமம். இந்த முழுத் திட்டத்திலும் இதைவிட மலிவான காரியம் வேறு இல்லை. இதை முதலில் செய்துவிட்டுத்தான் மற்றதை அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டேங்க்

இரவு 25 குளியலுக்கு 415 லிட்டர், காலை 85 குளியலுக்கு 1,410 லிட்டர். இரண்டும் வெயில் போன பிறகு எடுப்பவை. ஆகவே மாலை நாலு மணிக்கு டேங்கில் 60 டிகிரியில் 1,825 லிட்டர் தயாராக இருக்க வேண்டும். சரி, 2,000 லிட்டர் டேங்க் போதுமே என்று தோன்றும். போதாது.

டேங்கிலிருந்து வெந்நீர் மேலே வெளியேறும்போது, அதே அளவு பச்சைத் தண்ணீர் அடியில் நுழைகிறது. இரண்டும் கலக்காமல் வெந்நீர் மேலே, பச்சைத் தண்ணீர் கீழே என்று அடுக்காக நின்றால் கடைசி லிட்டர் வரைக்கும் சூடாகவே வரும். நடைமுறையில் அடுக்குகளுக்கு நடுவே வெதுவெதுப்பான ஒரு பட்டை உருவாகிறது. பச்சைத் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து நுழைந்தால் அந்தப் பட்டை தடித்துக்கொண்டே போகும். நன்றாக அமைந்த டேங்கிலேயே முக்கால் பங்குதான் முழுச் சூட்டில் கையில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 1,825-ஐ முக்காலால் வகுத்தால் 2,430. ஆகவே 2,500 லிட்டர் போட வேண்டும்.

இந்த 2,500 லிட்டரை ஒரே பெரிய டேங்காகப் போடுவதைவிட, 1,250 லிட்டர் டேங்க் இரண்டைத் தொடராக இணைப்பதையே நான் விரும்புவேன். பச்சைத் தண்ணீர் முதல் டேங்கின் அடியில் நுழையும். முதல் டேங்கின் மேலிருந்து வருவது இரண்டாவதன் அடிக்குப் போகும். குளியலறைக்கு இரண்டாவதன் மேலிருந்து எடுக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் கலந்து கெடுப்பதெல்லாம் முதல் டேங்கோடு நின்றுவிடும், இரண்டாவது வெகுநேரம் சூடாகவே இருக்கும். பேனலுக்கு முதல் டேங்கின் அடியிலிருந்து தண்ணீர் போய், சூடாகி, இரண்டாவதன் மேல்பக்கம் திரும்ப வேண்டும். பழுது பார்க்கும்போது பைபாஸ் வால்வு வைத்து ஒன்றை மூடிவிட்டு மற்றதை ஓட்டலாம் என்பது இன்னொரு வசதி. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இணையாகப் போட்டால், இரண்டிலும் பச்சைத் தண்ணீர் ஒரே சமயத்தில் ஏறி, இந்த நன்மை போய்விடும். தண்ணீர் எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கமே ஓடி, ஒரு டேங்க் சீக்கிரம் தீர்ந்து மற்றது சூட்டோடு சும்மா கிடப்பதும் உண்டு.

டேங்க் உயரமாக, ஒடுக்கமாக இருந்தால் அடுக்கு நன்றாக நிற்கும். படுக்கை வசமாகப் போட்டால் அடுக்கு மெலிந்து சீக்கிரம் கலங்கிவிடும். பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்தில், நீரை மேலே பீய்ச்சாமல் பக்கவாட்டில் பரப்பிவிடும் தகடோ துளைக்குழாயோ இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் எடை: தண்ணீர் மட்டுமே இரண்டரை டன். மொட்டைமாடியில் எந்தத் தூணுக்கு மேல் வைப்பது என்பதைக் கட்டடப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

பேனலுக்கு முன்னால் பைப்பைப் பாருங்கள்

குளியலுக்கு 80 யூனிட் என்று பார்த்தோம். பேனல் கொடுக்க வேண்டியது அதைவிடக் கூடுதல், ஏனென்றால் வழியில் போகிற வெப்பமும் சேர வேண்டும். டேங்கைச் சுற்றி 50 மில்லிமீட்டர் ஃபோம் ஒழுங்காக நிரப்பியிருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 5 யூனிட்தான் போகும், பெரிதில்லை. பைப்தான் ஆளை விழுங்குகிறது.

மாடியிலிருந்து எல்லாக் குளியலறைகளுக்கும் போய்த் திரும்புகிற 80 மீட்டர் சுற்றுக்குழாய் என்று வைத்துக்கொள்வோம். குழாயைத் திறந்ததும் வெந்நீர் வர வேண்டும் என்பதற்காக ஒரு சின்ன பம்ப் தண்ணீரை அதில் சுற்றவிடும். 28 மில்லிமீட்டர் குழாய் உறை இல்லாமல் 60 டிகிரித் தண்ணீரோடு இருந்தால், மீட்டருக்குச் சுமார் 35 வாட் காற்றில் கரைகிறது. 80 மீட்டர், 24 மணி நேரம் என்றால் 67 யூனிட். கிட்டத்தட்ட முழு ஹாஸ்டலும் குளிக்கிற வெப்பம், யாரும் குளிக்காமலேயே போய்விடுகிறது. நல்ல உறை போட்டால் மீட்டருக்கு 10 வாட் அளவில் நிற்கும், நாளைக்கு 19 யூனிட். அதற்கு மேல் பம்புக்கு ஒரு டைமர் வைத்து, குளிக்கும் நேரத்தையும் அதற்கு அரை மணி முன்பும் மட்டும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஓடவிட்டால் 4 யூனிட். அறுபத்தேழுக்கும் நாலுக்கும் நடுவில் இருப்பது உறையும் டைமரும் மட்டுமே.

சுற்றுக்குழாயே வேண்டாம் என்று விட்டுவிட்டால் வேறு விதத்தில் செலவு வரும். டேங்கிலிருந்து ஷவர் வரை 25 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் 20 மீட்டர் குழாய் இருந்தால், அதற்குள் கிட்டத்தட்ட 10 லிட்டர் நிற்கிறது. முதலில் வருகிறவர் அந்த 10 லிட்டர் ஆறிய தண்ணீரைச் சாக்கடையில் விட்ட பிறகுதான் வெந்நீரைப் பார்ப்பார். குளித்து முடித்ததும் அதே 10 லிட்டர் வெந்நீர் குழாயிலேயே தங்கி ஆறும். வரிசையாக ஆட்கள் குளிக்கிற பொதுக் குளியலறையில் இது பெரிய நஷ்டமில்லை. தனித்தனி அறைக்குள் குளியலறை இருக்கிற ஹாஸ்டலில் ஒவ்வொரு கிளையிலும் இதே கதை நடக்கும். டேங்கைக் குளியலறைகளுக்கு நேர் மேலே வைக்க முடிந்தால் பாதித் தொல்லை தீரும்.

ஆக, குளியல் 80, டேங்க் 5, பைப் 4, மொத்தம் 90 யூனிட். தெளிவான வெயில் நாளில் சரியான சாய்வில் வைத்த பேனல் பரப்பில் சதுர மீட்டருக்கு 5 யூனிட் அளவு வெயில் விழுகிறது என்றால், தட்டைப் பேனல் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் வெந்நீராக மாற்றித் தரும். 2.3 யூனிட் என்று வைக்கலாம். 90-ஐ 2.3-ஆல் வகுத்தால் 39 சதுர மீட்டர். 2 சதுர மீட்டர் பேனலில் 20 வேண்டும். டேங்கோடு ஒப்பிட்டால் சதுர மீட்டருக்கு 62 லிட்டர் வருகிறது. சூரிய வெந்நீர் அமைப்புகளில் இந்த விகிதம் 50-லிருந்து 75 வரை இருப்பது வழக்கம், ஆகவே இரண்டும் பொருந்துகின்றன. 40-க்குக் கீழே வந்தால் மதியமே டேங்க் தேவைக்கு மேல் சூடாகி, பிற்பகல் வெயில் வீணாகும். 100-ஐத் தாண்டினால் முழு நாள் வெயிலிலும் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

மழைக்காலத்துக்கும் போதுமானபடி பேனலைக் கூட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல மழை நாளில் சதுர மீட்டருக்கு 1.5 யூனிட் வெயில்தான் விழும். வெயில் மங்கும்போது பேனலின் திறனும் சேர்ந்து விழுகிறது, ஏனென்றால் பேனலிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் வெயிலோடு சேர்ந்து குறைவதில்லை. 40 சதுர மீட்டரும் சேர்ந்து 16 யூனிட் தந்தால் அதிகம். டேங்க் ஐந்தாறு டிகிரிதான் ஏறும். பேனலை இரட்டிப்பாக்கினாலும் பத்துப் பதினோரு டிகிரிதான். அந்த நாளுக்குப் பேனல் தீர்வில்லை. அங்கேதான் துணை ஹீட்டர் வருகிறது.

துணை ஹீட்டர்: எங்கே, எப்போது

மூன்று நாள் அடைமழை, டேங்க் முழுக்கப் பச்சைத் தண்ணீர், காலை 85 பேர் குளிக்க வேண்டும். 1,410 லிட்டரை 38 டிகிரி ஏற்ற 62 யூனிட் வேண்டும். இதற்கு எத்தனை கிலோவாட் ஹீட்டர்?

பதில் முழுக்க நேரத்தைப் பொறுத்தது. தண்ணீர் போகப் போகச் சூடாக்கும் உடனடி ஹீட்டர் என்றால், ஒரே சமயத்தில் பத்து ஷவர் திறந்திருக்கும் நிமிடத்துக்குத் தாங்க வேண்டும். அது 100 கிலோவாட். குளியல் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பு ஆரம்பித்து டேங்கில் சூடாக்கினால் 31 கிலோவாட். இரவு பதினொன்றரையிலிருந்து ஐந்தரை வரை ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டால் 10 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். தேவை அதே 62 யூனிட்தான். நூறுக்குப் பதில் பத்தில் முடிகிறது என்றால், டேங்க் ஏற்கெனவே இருப்பதால்தான். கட்டடத்தின் மின் இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பதை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஹாஸ்டலுக்கு 4 கிலோவாட் எலிமென்ட் மூன்று, மூன்று பேஸுக்கும் ஒவ்வொன்றாக, மொத்தம் 12 கிலோவாட் சரியாக இருக்கும்.

இதை எந்த டேங்கில் வைப்பது என்பதில்தான் நல்ல அமைப்புகள் பல கெட்டுப்போகின்றன. முதல் டேங்கின் அடியில் வைத்து, தெர்மோஸ்டாட்டை 60-க்குத் திருப்பி, எப்போதும் ஆன் செய்து விட்டுவிட்டால் என்ன ஆகும்? காலை ஏழரைக்கு எல்லோரும் குளித்து முடித்ததும் டேங்கில் பச்சைத் தண்ணீர் நிறைந்திருக்கும். பேனலுக்கு அதுதான் வேண்டும், குளிர்ந்த தண்ணீரில்தான் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் தெர்மோஸ்டாட்டுக்கு வெயில் வரப்போவது தெரியாது. ஏழே முக்காலுக்கே ஹீட்டரைப் போட்டுவிடும். பத்து மணிக்கு வெயில் ஏறும்போது டேங்கில் பெரும்பகுதி கரண்டால் சூடாகியிருக்கும். மொட்டைமாடியில் 20 பேனல் இருந்தும் மின்கட்டணம் குறையவே இல்லை என்று புகார் வருகிற இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எலிமென்ட் இரண்டாவது டேங்கில் இருக்க வேண்டும், அதுவும் டைமரோடு. இரவு ஒரு மணிக்கு டைமர் அனுமதி கொடுக்கட்டும், காலை ஏழுக்கு நிறுத்தட்டும். வெயில் நாளில் இரண்டாவது டேங்க் நடுராத்திரியில் 56 டிகிரியில் இருந்தால், நாலு டிகிரி ஏற்ற 6 யூனிட்கூட ஆகாது, அரை மணி நேரத்தில் அணைந்துவிடும். முழுப் பச்சைத் தண்ணீராக இருந்தால் 1,250 லிட்டரை 60-க்கு ஏற்ற 55 யூனிட், 12 கிலோவாட்டில் நாலரை மணி நேரத்துக்குச் சற்றுமேல். ஒரு மணிக்குத் தொடங்கினால் ஐந்தே முக்காலுக்குள் தயார். முதல் ஆட்கள் ஐந்தரைக்கு வரும்போது 58 டிகிரி அளவில் இருக்கும், பாதகமில்லை.

1,250 லிட்டர்தானே சூடானது, 1,410 வேண்டுமே என்ற கேள்வி வரும். குளியல் நடக்கும்போதும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழு மணி வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அது தருகிற 15 யூனிட், சுமார் 340 லிட்டரை 60-க்கு ஏற்றப் போதும். டேங்கில் கலக்காமல் கிடைக்கிற 1,100 லிட்டரோடு சேர்த்தால் 1,440. கணக்கு நேராகிறது, ஆனால் இழுத்துப் பிடித்தாற்போல்தான். இதனால் தொடர் மழை நாட்களில் மட்டும் டைமரைக் கைமுறையாக பதினொன்றரைக்கு முன்தள்ளிவிட ஒரு ஸ்விட்ச் வைக்கச் சொல்வேன். முதல் டேங்க் மேகமூட்டத்திலும் 28, 30 டிகிரிக்கு ஏறியிருந்தால் நிலைமை இன்னும் இலகுவாகும். இரவுக் குளியலுக்கு மாலை நாலு மணிக்கு ஒரு பார்வை போதும். இரண்டாவது டேங்கின் மேல்பக்கம் 50-க்குக் கீழே இருந்தால் ஏழு மணி வரை ஹீட்டருக்கு அனுமதி கொடுக்கலாம். நாலு மணிக்கு மேல் பேனல் பெரிதாகச் சேர்க்கப் போவதில்லை என்பதால் வெயிலோடு போட்டி வராது.

மின் இணைப்பு 12 கிலோவாட்டைத் தாங்காது என்றால் ஹீட் பம்ப் ஒன்றைப் பார்க்கலாம். காற்றிலிருந்து வெப்பத்தை இழுப்பதால் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவில் வெப்பம் தரும், 4 கிலோவாட் கரண்டில் வேலை முடியும். தண்ணீரின் சூடு 55-ஐத் தாண்டத் தாண்ட அதன் திறன் குறையும், குளிர்ந்த இரவிலும் குறையும். ஆகவே கடைசி ஐந்து டிகிரியை எலிமென்டிடம் விட்டுவிடுவது நல்லது.

எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிப்பது

கடைசியில் குளிக்கிறவர்களுக்கு வெந்நீர் வரவில்லை என்று புகார் வந்தால், டேங்க் சின்னது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஒரு காலையில் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, டேங்கின் வெளியேறும் குழாயில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். 58, 58, 57, 57 என்று நின்று, ஏழு மணிக்குத் திடீரென்று 35-க்கு விழுந்தால் அடுக்கு நன்றாக இருக்கிறது, தண்ணீர்தான் தீர்ந்துவிட்டது. கொள்ளளவையோ ஷவரையோ பார்க்க வேண்டும். 58, 54, 51, 47 என்று ஆரம்பத்திலிருந்தே சரிந்துகொண்டு போனால் டேங்குக்குள் கலக்குகிறது. பச்சைத் தண்ணீர் நுழையும் இடம், சுற்றுக்குழாய் திரும்பி வந்து சேரும் இடம் இரண்டையும் பார்க்க வேண்டும். சுற்றுக்குழாயின் திரும்பு முனை முதல் டேங்கின் அடியில் இணைக்கப்பட்டிருந்தால், அது அடியைச் சூடாக்கிப் பேனலையும் கெடுக்கும். அதை இரண்டாவது டேங்குக்கு மாற்ற வேண்டும். டேங்கில் சூடு நிற்கிறது, ஷவரில் மட்டும் ஆறிப்போய் வருகிறது என்றால் குற்றம் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கிற கலவை வால்விலோ, வெந்நீர்க் குழாய்க்குள் பச்சைத் தண்ணீர் ஏறுகிற ஏதோ ஒரு குழாயிலோ இருக்கும்.

மாலையில் 60, விடியலில் 48 என்றால் அது வேறு நோய். 2,500 லிட்டரில் ஒரு டிகிரி இறங்கினாலே 3 யூனிட் போய்விட்டது என்று அர்த்தம். பன்னிரண்டு டிகிரி என்றால் 35 யூனிட். ஃபோம் அப்படி விடாது. நடுராத்திரியில் மாடிக்குப் போய், பேனலுக்குப் போகிற வருகிற குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒருவழி வால்வு பழுது. டேங்கின் வெந்நீர் பின்பக்கமாகப் பேனலுக்குள் ஏறி வானத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வால்வை மாற்றினால் மறுநாளே வித்தியாசம் தெரியும். இதைச் சோதிக்கும் இரவில் துணை ஹீட்டரை அணைத்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது இழப்பை ஈடுகட்டி நோயை மறைத்துவிடும்.

துணை ஹீட்டருக்கென்று தனி மின் மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். தொடர்ந்து நல்ல வெயில் அடிக்கிற வாரத்தில் அது நாளைக்கு 10 யூனிட்டைத் தாண்டினால் டைமரோ தெர்மோஸ்டாட்டோ இடம் மாறியிருக்கிறது. இல்லாவிட்டால் பேனல் தூசியிலோ உப்புப் படிவிலோ மாட்டியிருக்கிறது. கடினத் தண்ணீர் உள்ள இடத்தில் பேனலுக்குள் நேரடியாக அந்தத் தண்ணீரை விடக் கூடாது, தண்ணீரைக் கலக்கவிடாமல் வெப்பத்தை மட்டும் கடத்துகிற வெப்பமாற்றியை நடுவில் வைக்க வேண்டும். பேனலின் சின்னக் குழாய்கள் அடைபட்டால் அந்தப் பேனல் மட்டும் தொட்டால் அதிகமாகச் சுடும், அதிலிருந்து வரும் தண்ணீர் மட்டும் குறையும்.

ஹாஸ்டலுக்கே உரிய இன்னொரு பிரச்சினை விடுமுறை. ஒரு மாதம் ஆள் இல்லாமல் வெயில் மட்டும் அடித்தால், டேங்க் முழுச் சூட்டுக்குப் போய், ஓட்டம் நின்ற பேனல் 150 டிகிரிக்கு மேல் ஏறக்கூடும். வாஷர்களும் இணைப்புகளும் அப்போதுதான் கெடும். விடுமுறை தொடங்கும் நாளில் பாதிக்கு மேல் பேனல்களைத் துணி போட்டு மூடிவிட வேண்டும். பேனலைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழாய்களில் தேங்கிய தண்ணீரோ எதிர்த்திசைப் பிரச்சினை. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20-லிருந்து 45 டிகிரிக்குள் பெருகும். ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்திவலையோடு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியாவைக் கொடுக்கும். ஆள் இல்லாத குழாய், மழை வாரத்தில் 30 டிகிரியில் கிடக்கிற முதல் டேங்க் இரண்டுமே அதற்கு வசதியான இடம். இரண்டாவது டேங்கை 60 டிகிரியில் வைக்கச் சொன்னதற்கு இது முக்கியக் காரணம். பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று தெர்மோஸ்டாட்டை 45-க்கு இறக்க யாரையும் விடக் கூடாது. சுடும் என்ற பயத்துக்குத் தீர்வு, டேங்குக்குப் பின்னால் ஒரு தெர்மோஸ்டாட்டிக் கலவை வால்வு வைத்து, குளியலறைப் பக்கத்தில் 45-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. விடுமுறை முடிந்து பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாள், இரண்டு டேங்கையும் 60-க்கு மேல் ஏற்றி, கலவை வால்வைத் தாண்டும் பைபாஸைத் திறந்து, ஒவ்வொரு ஷவரிலும் தலையைக் கழற்றிவிட்டு, ஆவி தெறிக்காதபடி கொஞ்சம் தள்ளி நின்று, சுடுநீர் வந்து ஐந்து நிமிடம் ஓடும் வரை திறந்துவிட வேண்டும். கடைசிக் குளியலறையையும் விடாமல் முடித்த பிறகு பைபாஸை மூடி, ஷவரில் வருவது 45-க்குள் நிற்கிறதா என்று தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் அறைச் சாவிகளைக் கொடுக்கலாம்.